இயந்திரம் நின்றாலும் நிற்காத தவணை

ஒரு ஸ்கேன் மையத்தில் சி.டி. இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டால் அன்றே பல செலவுகள் குறைந்துவிடும். மின்சாரம் குறையும், ஃபிலிம் குறையும், இரவு நேர டெக்னீஷியனின் படி குறையும். குறையாத ஒன்று, இயந்திரம் லீஸில் எடுத்ததாக இருந்தால், அதன் மாத வாடகை. ஐந்தாம் தேதி வந்தால் அது வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். “மெஷினே ஓடவில்லை, எதற்கு வாடகை?” என்று லீசிங் கம்பெனியைக் கேட்டால், ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைக் காட்டுவார்கள். அந்தப் பத்தியைப் பற்றியது இந்தக் கட்டுரை.

பத்தியின் சாரம் ஏறக்குறைய எல்லா லீஸ் ஒப்பந்தங்களிலும் ஒன்றுதான். இயந்திரம் பழுதானாலும், தாமதமாக வந்தாலும், எரிந்துபோனாலும், சொன்ன வேலையைச் செய்யாவிட்டாலும், விற்றவர் கடையை மூடிவிட்டாலும், வாடகை முழுமையாகச் செலுத்தப்பட வேண்டும். எந்தப் பிடித்தமும் கூடாது. வேறு பாக்கியோடு நேர்செய்யவும் கூடாது. ஆங்கில வழக்கறிஞர்கள் இதை ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ பிரிவு என்பார்கள். நிபந்தனையற்ற வாடகைப் பிரிவு என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். மருத்துவமனைகளும் அச்சகங்களும் இதில் மாட்டிக்கொள்கிற இரண்டு தொழில்கள். இரண்டிலும் ஒற்றை இயந்திரத்தின் விலை லட்சங்களிலிருந்து கோடிகளுக்குப் போகிறது. இரண்டிலும் அந்த ஒற்றை இயந்திரம் நின்றால் வருமானமே நின்றுவிடுகிறது.

இப்படியொரு பிரிவு ஏன் பிறந்தது என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். லீஸில் மூன்று பேர் இருக்கிறார்கள். இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துபவர், அதை விற்கும் டீலர் அல்லது உற்பத்தியாளர், நடுவில் பணம் போடும் லீசிங் கம்பெனி. எந்த மாடல், எத்தனை ஸ்லைஸ், எந்த டீலர் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் டாக்டர். லீசிங் கம்பெனி இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. டீலருக்கு முழு விலையைக் கொடுத்து, தன் பெயரில் பில் வாங்கி, டாக்டரிடம் வாடகைக்கு விடுகிறது. அதன் பார்வையில் இது பணம் கொடுத்து வாங்கும் தொழில். கூரை ஒழுகுகிறது என்பதற்காக வீட்டுக் கடன் தவணையை எந்த வங்கியும் தள்ளிவைப்பதில்லை. அதே கணக்குதான் எங்களுக்கும் என்பார்கள்.

இந்த ஒப்பீடு பாதி தூரம்தான் சரி. வீடு ஒழுகினால் வீட்டுக்காரர் கட்டியவர் மீது வழக்குப் போடலாம், ஏனென்றால் வீட்டை வாங்கியவர் அவர். லீஸில் இயந்திரத்தை வாங்கியவர் லீசிங் கம்பெனி. டீலரின் பில்லிலும் வாரன்ட்டி அட்டையிலும் இருக்கும் பெயர் அதனுடையது. டாக்டர் டீலரிடம் போனால் “நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல” என்று சொல்ல வழி இருக்கிறது. லீசிங் கம்பெனியிடம் போனால் “நாங்கள் விற்பவர்கள் அல்ல” என்கிறார்கள். பணம் கட்டுபவர் இயந்திரத்துக்காக யாரிடமும் உரிமை கேட்க முடியாமல் போகும் இந்த இடைவெளிதான் என் கவலை. நிபந்தனையற்ற வாடகையை ஏற்கலாம். ஆனால் அதற்கு ஈடாக, டீலர் மீது நேரடி உரிமையை அதே சட்டம் கொடுத்திருக்க வேண்டும். உலகில் பல நாடுகள் அதைக் கொடுத்திருக்கின்றன. நம்முடைய சட்டத்தில் அது இல்லை.

அமெரிக்காவில் இருந்து தொடங்குவோம். இந்தப் பிரிவு சட்டமாகவே ஆன இடம் அதுதான். அங்கே மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ஒரே சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 1987-இல் லீஸுக்கென்றே 2ஏ என்று ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது, 1990-இல் திருத்தப்பட்டது. அதன் 407-ஆம் பிரிவு சொல்வது இது: நிதி லீஸாக இருந்து, சொந்த வீட்டு உபயோகத்துக்கான லீஸாக இல்லாமல் இருந்தால், வாடகைக்கு எடுத்தவர் பொருளை ஏற்றுக்கொண்ட நொடியிலிருந்து அவருடைய கடமைகள் திரும்பப் பெற முடியாதவை, லீசிங் கம்பெனி என்ன செய்தது, செய்யவில்லை என்பதைச் சாராதவை. ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி இல்லாவிட்டாலும் சட்டமே அதை வைத்துவிடுகிறது.

ஆனால் அதே அத்தியாயம் அந்தக் கையால் எடுத்ததை இந்தக் கையால் கொடுத்திருக்கிறது. நிதி லீஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் லீசிங் கம்பெனி பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, தயாரித்திருக்கவோ விற்றிருக்கவோ கூடாது. வாடகைக்கு எடுப்பவர் கையெழுத்திடும் முன்பே விற்பனை ஒப்பந்தத்தின் நகல் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். அல்லது, விற்பவர் யார், அவர் தரும் உத்தரவாதங்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். 209-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: விற்பவர் லீசிங் கம்பெனிக்குக் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் வாடகைக்கு எடுத்தவருக்கும் கொடுத்ததாகவே கொள்ளப்படும். அதாவது டாக்டர் வாடகையை நிறுத்த முடியாது; ஆனால் டீலரை நேரே நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். என் பார்வையில் இது நேர்மையான பேரம்.

அமெரிக்க முறையில் எல்லாம் தொங்கும் ஆணி, ‘ஏற்றுக்கொள்ளுதல்’. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைத்த பிறகு, இது சரி என்றோ, குறை இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன் என்றோ தெரிவித்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகும். உரிய காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் சும்மா இருந்தாலும் அப்படியே. சாதாரண லீஸில், பின்னால் தெரியவந்த மறைகுறைக்காக ஏற்பைத் திரும்பப் பெற வழி உண்டு. நிதி லீஸில் அந்த வழி ஊசித் துளை அளவுதான்: லீசிங் கம்பெனியே ஏதாவது உறுதி கொடுத்து, அதை நம்பி ஏற்றிருந்தால் மட்டும். டீலரின் விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

இன்னொரு கண்ணி, லீஸ் பத்திரம் கைமாறுவது. லீசிங் கம்பெனிகள் வாடகை வரவை அப்படியே வங்கிக்கு விற்றுவிடும். வாங்கிய வங்கி நல்லெண்ணத்தோடு, பிரச்சினை எதுவும் தெரியாமல், விலை கொடுத்து வாங்கியிருந்தால், முதல் கம்பெனி செய்த ஏமாற்றைக்கூடப் பெரும்பாலும் அதனிடம் காட்ட முடியாது. இதன் கசப்பை அமெரிக்கா 2004-இல் அனுபவித்தது. நியூ ஜெர்சியின் நார்வர்ஜென்ஸ் என்ற கம்பெனி, தொலைபேசிச் செலவைக் குறைக்கும் பெட்டி என்று ஒன்றைச் சிறு நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு லீஸில் கொடுத்தது. ஒப்பந்தங்களை உடனுக்குடன் நிதி நிறுவனங்களுக்கு விற்றது. 2004-இல் கம்பெனி திவாலானது. தொலைபேசிச் சேவை நின்றது. தவணைக் கோரிக்கைகள் நிற்கவில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2005-இல் 18 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வந்தது. திவாலான கம்பெனியிடம் வாங்க எதுவும் இல்லை. பல மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் தலையிட்டு, நிதி நிறுவனங்களோடு தனித்தனியாகச் சமரசம் பேசிப் பாக்கியைக் குறைக்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி மருத்துவக் கருவியும் அல்ல, அச்சு இயந்திரமும் அல்ல. ஆனாலும் இந்தப் பிரிவின் முழு வலிமையையும் காட்டிய வழக்கு அதுதான்.

ஐரோப்பா வேறு பாதை பிடித்தது. ஜெர்மனியைப் பாருங்கள், நம் அச்சகங்களில் ஓடும் ஹைடல்பெர்க்கும், நம் மருத்துவமனைகளில் இருக்கும் சீமென்ஸும் பிறந்த நாடு. அங்கே லீசிங் கம்பெனி பழுதுக்குத் தான் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் விற்பவர் மீதான தன் உரிமைகளை வாடகைக்கு எடுத்தவருக்கு ஒப்படைத்தாக வேண்டும். அவர் அந்த உரிமையைக் கொண்டு விற்பனையை முறித்துவிட்டால் லீஸின் அடித்தளமே போய்விடுகிறது. வாடகையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2010 ஜூனில் தெளிவான கோடு போட்டது: விற்பவர் முறிப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால், அவர் மீது வழக்குத் தொடுத்த பிறகுதான் வாடகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். கடிதம் எழுதினால் போதாது. கடன் கொடுத்தவரும் பாதுகாக்கப்படுகிறார், பழுதான இயந்திரத்துக்குக் காலமெல்லாம் கட்டும் கொடுமையும் இல்லை. பிரான்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் கூட்டு அமர்வு 2018 ஏப்ரல் 13-இல், விற்பனை ஒப்பந்தம் முறிந்தால் அதோடு பிணைந்த லீஸும் செல்லாததாகிவிடும் என்று சொல்லிவிட்டது.

சர்வதேச லீஸுக்காக 1988-இல் ஒட்டாவாவில் கையெழுத்தான யுனிட்ராய் ஒப்பந்தமும் நடுவழிதான். விற்பவரின் கடமைகள் வாடகைக்கு எடுத்தவருக்கும் உரியவை என்கிறது. ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத இயந்திரம் வந்து சேர்ந்தால், அது சரிசெய்யப்படும் வரை வாடகையை நிறுத்திவைக்கலாம் என்றும் சொல்கிறது. அதே நிறுவனம் 2008-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் அமெரிக்கப் பக்கம் சாய்ந்து, ஏற்றுக்கொண்ட பின் கடமைகள் திரும்பப் பெற முடியாதவை என்கிறது. ஒரே அமைப்பு இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு விதமாக எழுதியிருப்பதிலிருந்தே, இது இன்னும் முடியாத விவாதம் என்பது தெரிகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் லீசிங் தொழில் தொடங்கியதே சென்னையில்தான். 1973-இல் ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆஃப் இந்தியா இங்கேதான் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் லீஸுக்கென்று தனிச் சட்டம் நமக்கு இல்லை. வாடகைக் கொள்முதலுக்கு 1972-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது ஒருநாள்கூட அமலுக்கு வராமலேயே 2005-இல் ரத்து செய்யப்பட்டது. ஆகவே எல்லாம் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்குத்தான் போகிறது.

அந்தப் பழைய சட்டத்தின் 150-ஆம் பிரிவு, வாடகைக்குப் பொருள் கொடுப்பவர் அதன் குறை தனக்குத் தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் குறையால் விளையும் இழப்புக்குப் பொறுப்பு என்கிறது. குதிரையும் வண்டியும் வாடகைக்கு விட்ட காலத்தில் எழுதியது. படித்தால் டாக்டருக்குச் சாதகமாகத் தெரியும். ஆனால் உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆசேயா பிரவுன் பொவேரி வழக்கில் நிதி லீஸை வேறு கண்ணால் பார்த்தது. லீசிங் கம்பெனிக்கு அக்கறை வாடகையில்தான், இயந்திரத்தில் அல்ல. போட்ட பணம் வட்டியோடு திரும்ப வர வேண்டும். ஆகவே இடையில் முறிக்க முடியாது. பழுது பார்ப்பதும் காலாவதியாகும் அபாயமும் பயன்படுத்துபவருடையவை என்று அதன் இயல்பை விவரித்தது. 2010-இல் லீசிங் கம்பெனிகள் சங்கத்தின் சேவை வரி வழக்கிலும் நிதி லீஸ் நிதிச் சேவையாகவே பார்க்கப்பட்டது. இவற்றுக்குப் பிறகு 150-ஆம் பிரிவை மட்டும் நம்பி வாடகையை நிறுத்துவது துணிச்சலான காரியம்.

டீலர் பக்கம் போனால் அங்கே வேறொரு சுவர். ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதைக் கொண்டு வழக்குப் போட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் எம்.சி. சாக்கோ வழக்கிலேயே உறுதிசெய்துவிட்டது. சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அமெரிக்காவின் 209-ஆம் பிரிவைப் போல ‘டீலர் கொடுத்த வாரன்ட்டி உங்களுக்கும் உரியது’ என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. நுகர்வோர் ஆணையம்? லாபத்துக்கான வணிக நோக்கத்தில் வாங்கியது என்றால் அந்தக் கதவும் மூடப்படும். 1995-இல் முடிந்த லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் கொடுத்த சி.என்.சி. இயந்திரம் பற்றிய தகராறு அது. மாநில ஆணையத்தில் ஜெயித்த வாங்கியவர், தேசிய ஆணையத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டுமே நுகர்வோர் பாதுகாப்பு என்பது அதில் நிலைபெற்றது. பின்னர் கல்பவிருக்ஷா அறக்கட்டளை வழக்கில், அறக்கட்டளை நடத்தும் நோயறி மையம்கூடப் பெரும்பாலான நோயாளிகளிடம் கட்டணம் வாங்கினால் வணிக நோக்கம்தான் என்றாயிற்று. சிவகாசியில் மனைவி மக்களோடு ஒற்றை மெஷின் ஓட்டும் அச்சகக்காரருக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கலாம். ஆள் வைத்து நடத்தும் ஸ்கேன் மையத்துக்குச் சிரமம்.

நடைமுறையில் இது எப்படி விரிகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். தென் மாவட்டத்தில் ஒரு டாக்டர் ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய்க்கு ஒரு சி.டி. ஸ்கேனரை 60 மாத லீஸில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவிடுவோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாத வாடகை சுமார் 2.67 லட்சம் வரும். ஐந்தாண்டில் ஒரு கோடியே 60 லட்சம்.

பெட்டிகள் லாரியில் வந்து இறங்கிய அன்றே டீலரின் ஆள் ஒரு தாளோடு வருகிறார். அதுதான் ஏற்புச் சான்றிதழ். ‘இயந்திரம் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, நிறுவப்பட்டது, சோதிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அதில் அச்சடித்திருக்கும். “டாக்டர், நீங்க சைன் பண்ணினாத்தான் ஃபைனான்ஸ்ல பணம் ரிலீஸ் ஆகும். பணம் வந்தாத்தான் இன்ஜினியரை அனுப்புவாங்க” என்கிறார் அவர். பெட்டி பிரிக்கப்படவே இல்லை. டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தோடு வாடகை ஓடத் தொடங்குகிறது. நிபந்தனையற்ற பிரிவும் உயிர்பெறுகிறது.

இயந்திரத்தை நிறுவி முடிப்பதோடு நோயாளியைப் படுக்க வைத்துவிட முடியாது. கதிர்வீச்சுக் கருவி என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இயக்க உரிமம் வேண்டும். அதற்கு அவர்களுடைய eLORA தளத்தில் விண்ணப்பம், அறையின் சுவர்க் கனம் பற்றிய வரைபடம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் நியமனம், தரச் சோதனை அறிக்கை எல்லாம் தேவை. தண்ணீர் நிரப்பிய உருளையை ஸ்கேன் செய்து, தண்ணீரின் அளவெண் பூஜ்யத்தை ஒட்டி வருகிறதா, படம் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனைகளில் ஒன்று. நம் உதாரணத்தில் இதற்கு இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நோயாளிகூட வராமலேயே 5.34 லட்சம் போய்விட்டது.

ஐந்தாம் மாதம் படங்களில் மெல்லிய வளையங்கள் தெரியத் தொடங்குகின்றன. டிடெக்டரின் ஏதோ ஒரு பகுதி ஒழுங்காகப் பதியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறாம் மாதம் எக்ஸ்ரே டியூபுக்குள் மின்பொறி பறந்து ஸ்கேன் பாதியில் நிற்கிறது. தலையில் அடிபட்டு வந்தவரைப் பாதியில் இறக்கி வேறு மையத்துக்கு அனுப்புகிறார்கள். சி.டி. இயந்திரத்தில் டியூப்தான் விலை உயர்ந்த தேய்மானப் பொருள். பல நேரம் அதன் வாரன்ட்டி தனியாக, மாதக் கணக்கிலோ ஸ்கேன் எண்ணிக்கையிலோ இருக்கும். உங்கள் யு.பி.எஸ். சரியில்லை, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால்தான் டியூப் போயிற்று என்று டீலர் கடிதம் எழுதுகிறார். இந்த மாதிரிச் சமயத்தில் உண்மையைச் சொல்வது இயந்திரத்தின் பிழைப் பதிவுதான். எந்தத் தேதியில் எந்தப் பிழை என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் பழுது வந்த அன்றே அதன் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள், பழுது பார்க்க வந்தவர் மென்பொருளைப் புதிதாக ஏற்றிய பிறகு தேடி ஏமாறுகிறார்கள்.

எட்டுத் தவணை கட்டிய பிறகு டாக்டர் நிறுத்துகிறார். அடுத்து நடப்பது கடுமையானது. தானியங்கிப் பற்று திரும்பியதும் பணப் பரிமாற்ற முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் வரும். பாதுகாப்புக்காக வாங்கி வைத்திருந்த காசோலையைப் போட்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. இரண்டுமே குற்றவியல் வழக்குகள். இரண்டாண்டு வரை சிறை, தொகையின் இரு மடங்கு வரை அபராதம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். வழக்கு நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இயந்திரம் பழுது என்பதை அங்கே வாதமாக வைக்கலாம்தான். ஆனால் கடன் இருப்பதாகச் சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அதை உடைக்கும் சுமை டாக்டர் மீது. குடும்ப டாக்டர் ஒருவர் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாவில் நிற்பதைவிடக் கட்டிவிடுவதே மேல் என்றுதான் நினைப்பார். பிரிவின் உண்மையான பலம் இந்தப் பயத்தில் இருக்கிறது.

அதோடு மீதித் தவணை முழுவதையும் உடனே கேட்பார்கள். மீதி 52 மாதம். நேராகப் பெருக்கினால் ஒரு கோடியே 39 லட்சம் வரும். ஆனால் அந்த 52 தவணைக்குள் இன்னும் வராத மாதங்களின் வட்டியும் அடங்கியிருக்கிறது. அன்றைய நிலவரப்படி நிலுவை அசல் ஒரு கோடியே எட்டு லட்சம்தான். 31 லட்சம் ரூபாய் வித்தியாசம். இங்கே டாக்டருக்கு வலுவான வாதம் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. எதிர்கால வட்டியையும் கேட்டு, இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு, அதை விற்ற பணத்தையும் கழிக்காமல் இருப்பது நியாயமான இழப்பீடு ஆகாது. தகராறு நடுவரிடம் போனால், அந்த நடுவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஒப்பந்தப் படிவங்களில் நடுவரைக் கம்பெனியே தனியாக நியமிக்கும் என்று இருக்கும். 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்புக்குப் பிறகு அப்படிப்பட்ட நியமனத்தை எதிர்க்க முடியும்.

டாக்டர் வேறென்ன செய்திருக்கலாம்? வாடகையை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று ஒவ்வொரு மாதமும் எழுத்தில் தெரிவித்துக் கட்டிக்கொண்டே, டீலர் மீது தனியாகப் போயிருக்கலாம். கையில் பணம் இருந்தால் இதுவே பத்திரமான வழி. ஆனால் டீலர் மீது போவதற்கான உரிமை அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தால்தான் அதுவும் நடக்கும்.

அச்சுத் தொழிலில் இதே கதை சற்று மாறி வருகிறது. டிஜிட்டல் பிரஸ்களுக்கு மாத வாடகையும், பக்கத்துக்கு இவ்வளவு என்ற ‘கிளிக்’ கட்டணமும் சேர்ந்தே பேசப்படும். கிளிக் கட்டணத்தில் டோனரும் சர்வீஸும் அடங்கும். இரண்டையும் ஒரே பில்லில், லீசிங் கம்பெனியின் பெயரிலேயே வாங்கும் வழக்கம் இருக்கிறது. வசதியாகத் தோன்றும். சர்வீஸ் கொடுத்த டீலர் கடையை மூடிவிட்டால், கிடைக்காத சர்வீஸுக்கான பங்கும் நிபந்தனையற்ற வாடகைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சர்வீஸ் கட்டணத்தை எப்போதும் தனி ஒப்பந்தத்தில், தனி பில்லில் வைத்துக்கொள்ள வேண்டும்; லீஸுக்குள் விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஆஃப்செட் பக்கம் பிரச்சினை பழைய இயந்திரங்களில். வெளிநாட்டிலிருந்து வரும் பயன்படுத்திய நான்கு வண்ண மெஷினை ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்பார்கள், வாரன்ட்டியே இருக்காது. லீஸில் எடுத்தால், குறைக்கு யாரும் பொறுப்பில்லாத பொருளுக்கு நிபந்தனையில்லாமல் வாடகை கட்டும் நிலை. இப்படிப்பட்ட மெஷினை மெதுவாக ஓட்டிக் காட்டினால் அழகாகவே அச்சடிக்கும். கியரும் சிலிண்டர் பேரிங்கும் தேய்ந்திருந்தால் அது முழு வேகத்தில்தான் வெளியே வரும்: மென்மையான சாம்பல் நிறப் பரப்பில் கோடு கோடாகப் பட்டை விழும், சிறிய எழுத்துகள் இரட்டையாகத் தெரியும், நான்கு நிறமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது. மணிக்கு எத்தனை தாள் என்று விற்பவர் சொன்னாரோ அந்த வேகத்தில், நம் சொந்தத் தாளில், தொடர்ந்து சில மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்புச் சான்றிதழைத் தொட வேண்டும். காலண்டர் சீசன் நெருங்குகிறது என்ற அவசரத்தில் சிவகாசியில் பலர் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான்.

இந்தப் பிரிவையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழித்தால், சிறிய ஊர் மருத்துவருக்கு முன்பணம் இல்லாமல் ஒரு கோடி ரூபாய் இயந்திரம் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அல்லது வட்டியை ஏற்றிவிடுவார்கள். ஆனால் இயந்திரம் தயாரிக்கும் கம்பெனியே தன் பெயரில் ஒரு நிதிக் கம்பெனியும் வைத்துக்கொண்டு, விற்பனையாளர் ஒருவரே இரண்டு தாளிலும் கையெழுத்து வாங்கும்போது, ‘நாங்கள் வெறும் பணம் போட்டவர்கள்’ என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அங்கே விற்றவரும் பணம் போட்டவரும் ஒரே வீட்டுக்காரர்கள். பழுதைச் சரிசெய்யும் வல்லமை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் அதிகாரபூர்வ விளக்கவுரைகூட, நிதி லீஸ் அல்லாதவற்றில் இப்படிப்பட்ட பிரிவு செல்லுமா என்பதைத் திறந்தே விட்டிருக்கிறது. தயாரிப்பாளரின் சொந்த நிதிக் கம்பெனி தரும் லீஸ்களில் இந்தப் பிரிவு செல்லாது என்று நம் சட்டம் சொல்ல வேண்டும். மற்ற நிதி லீஸ்களுக்கு ஜெர்மன் வழி போதும்: டீலர் மீதான உரிமை தானாகவே பயன்படுத்துபவருக்கு வர வேண்டும், அவர் டீலர் மீது வழக்குப் போட்ட நாளிலிருந்து, வாடகையை நீதிமன்றத்தில் கட்டிவைக்க அனுமதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் காசோலை வழக்கும் கூடாது.

அது வரும் வரை, புதிதாக இயந்திரம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒப்பந்தத்தில் பத்துத் திருத்தம் கேட்டால் ஒன்றுகூடக் கிடைக்காது, இரண்டு கேளுங்கள். முதலாவது, டீலர், லீசிங் கம்பெனி, நீங்கள் என மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்கக் கடிதம்: வாரன்ட்டி உரிமைகள் அனைத்தும் உங்களுக்கு ஒப்படைக்கப்படுகின்றன, நீங்களே நேராக வழக்குத் தொடரலாம் என்று. இரண்டாவது, ஏற்புச் சான்றிதழில் தேதி: சி.டி. என்றால் இயக்க உரிமம் வந்து 30 நாள் ஓடிய பிறகு, பிரஸ் என்றால் முழு வேகச் சோதனை முடிந்த பிறகு. அவசரப்படுத்தினால், ‘பெட்டிகள் பெறப்பட்டன; இயந்திரம் சோதிக்கப்படவில்லை; ஏற்றுக்கொள்ளப்படவில்லை’ என்று உங்கள் கையாலேயே அச்செழுத்தின் மேல் எழுதிக் கையெழுத்திடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். டீலருக்குப் பணம் கிடைக்கவும், லீசிங் கம்பெனிக்குத் தவணை தொடங்கவும் உங்கள் கையெழுத்து தேவைப்படும் ஒரே நாள் அதுதான். கேட்க வேண்டியதை அன்றே கேளுங்கள்.